மாவு புளிக்காத நாளில் கோதுமை மாவில் தோசை

கேள்வி: கேரளாவில் உள்ள கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்திருக்கிறோம். அரைத்த மாவு இல்லாத நாளில் கோதுமை மாவில் தோசை சுட்டால் ரப்பர் மாதிரி இழுக்கிறது. ஏன்?

பதில்: நீங்கள் சுடுவது திடீர் தோசை, அதாவது புளிக்க விடாமல் உலர்ந்த மாவைக் கரைத்து உடனே ஊற்றும் தோசை. புளித்த மாவில் ஏற்கெனவே காற்று இருக்கும். இதில் அது கிடையாது, கல்லின் சூட்டில் பொங்கும் நீராவிதான் ஓட்டை போட வேண்டும். கஞ்சி நீர்த்திருந்தால் குமிழ் சுலபமாக வெடிக்கும், கெட்டியானால் அடங்கிப்போகும், இங்கேயும் அதே கதைதான்.

கோதுமையில் பசைத்தன்மை உள்ள புரதம் உண்டு. கெட்டியாகக் கரைத்து அடித்தால் அது சப்பாத்தி மாவு போலப் பின்னிக்கொள்ளும், தோசை இழுக்கும். அரிசி மாவில் அந்தப் புரதம் இல்லை. அதனால் ஒரு கப் கோதுமைக்கு அரை கப் அரிசி மாவு, சுமார் மூன்று கப் தண்ணீர், உப்பு, சீரகம். மோர் பதத்தில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் ஊறட்டும்.

அரிசி மாவுக்காக அங்கே கடையில் புட்டுப்பொடியை வாங்கிவிடாதீர்கள், அது குருணையாக அடியில் தங்கும். இடியாப்பப் பொடிதான் சரி. அப்புறம், ஒவ்வொரு முறையும் மாவைக் கலக்கி, நன்றாகக் காய்ந்த கல்லில் ஓரத்திலிருந்து உள்ளே தெளித்து ஊற்றுங்கள். கரண்டியால் தேய்க்க வேண்டாம். ஊற்றியதும் சுர்ரென்று ஓட்டை விழவில்லையா? கல் சூடு போதவில்லை, அல்லது மாவு கெட்டி.

புளித்த மோர் சேர்த்தால் மாவு உடனே புளித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது புளிப்புச் சுவை மட்டுமே தரும், மாவைப் பொங்க வைக்காது.