வர்க்கங்களின் கூடுதல்: ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், முதல் n இயல் எண்களுடைய வர்க்கங்களின் கூடுதல் n(n+1)(2n+1)/6 என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தி, "இந்த 6 எங்கிருந்து வந்தது அம்மா?" என்று கேட்டாள். நான் வணிகவியல் படித்தவள். (k+1)³ − k³ என்று தொடங்கும் வழி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, நானே போட்டுப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தது இது:

3S = (n+1)³ − 1 − 3n(n+1)/2 − 1

n = 1 என்று போட்டால் சரியாக 1 வருகிறது. n = 2 என்று போட்டால் 5 வர வேண்டிய இடத்தில் 16/3 வருகிறது. எங்கே தவறினேன்? வர்க்கத்தைக் கூட்டுவதற்கு எதற்காகக் கனத்தைப் பிடிக்க வேண்டும்? இப்படிச் சின்ன எண்களைப் போட்டுப் பார்த்தால் மட்டும் போதுமா?

— ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வரியின் கடைசியில் நிற்கும் 1 தான் தவறு. அந்த இடத்தில் n வர வேண்டும். மற்றதெல்லாம் சரி. n = 1 என்னும்போது 1-க்கும் n-க்கும் வித்தியாசமே இல்லை என்பதால் அந்தச் சோதனை உங்கள் தவறைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. அதோடு நிறுத்தாமல் n = 2 வரை போனீர்கள், அதனால்தான் அகப்பட்டது.

அந்த n எப்படி வருகிறது என்பதைப் பார்க்க, எழுத்துகளை ஒதுக்கிவிட்டு n = 4 என்று வைத்து முழுவதையும் எழுதிவிடலாம். (k+1)³ − k³ = 3k² + 3k + 1 என்பது உங்களுக்குத் தெரிந்த முற்றொருமை. அதில் k-க்கு 1, 2, 3, 4 என்று வரிசையாகப் போடுங்கள்:

2³ − 1³ = 3·1² + 3·1 + 1
3³ − 2³ = 3·2² + 3·2 + 1
4³ − 3³ = 3·3² + 3·3 + 1
5³ − 4³ = 3·4² + 3·4 + 1

இனி நான்கு வரிகளையும் மேலிருந்து கீழாகக் கூட்ட வேண்டும். இடப்பக்கத்தில் முதல் வரி 2³-ஐத் தருகிறது, இரண்டாம் வரி அதையே கழிக்கிறது. 3³, 4³ ஆகியவற்றின் கதியும் அதுவே. மிஞ்சுவது 5³ − 1³, அதாவது 124. வலப்பக்கத்தில் மூன்று நெடுவரிசைகள் இருக்கின்றன. முதலாவது, நாம் தேடும் கூடுதலின் மூன்று மடங்கு, 3S. இரண்டாவது 3 × (1+2+3+4) = 30. மூன்றாவது நெடுவரிசையில் வரிக்கு ஒன்றாக நான்கு 1-கள் நிற்கின்றன, ஆகவே 4. நீங்கள் வழுக்கிய இடம் இந்த மூன்றாவது நெடுவரிசை. முற்றொருமையில் ஒரே ஒரு 1 இருப்பதைப் பார்த்து, கூட்டிய பிறகும் அதை ஒன்றாகவே வைத்துவிட்டீர்கள். முற்றொருமையை n முறை எழுதியிருக்கிறோம், எனவே 1-களும் n வந்து சேர்கின்றன.

124 = 3S + 30 + 4 என்பதால் 3S = 90, S = 30. கையால் கூட்டிப் பாருங்கள்: 1 + 4 + 9 + 16 = 30.

பொதுவான n-க்கும் இதே கணக்குதான். முதல் n எண்களின் கூடுதல் n(n+1)/2 என்பது மகளுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

(n+1)³ − 1 = 3S + 3n(n+1)/2 + n

3S-ஐத் தனியாக்கும்போது −1-ஐயும் −n-ஐயும் சேர்த்து −(n+1) என்று எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள் எல்லாவற்றையும் விரித்து 2n³ + 3n² + n வரை வந்து, பிறகு அதைக் காரணிப்படுத்த முடியாமல் திணறுவார்கள். சேர்த்து எழுதினால் (n+1) என்ற காரணி தானாக வெளியே வருகிறது:

3S = (n+1)³ − (n+1) − 3n(n+1)/2

முதல் இரண்டு உறுப்புகளும் சேர்ந்து (n+1)[(n+1)² − 1], அதாவது (n+1)·n·(n+2) ஆகின்றன. இப்போது n(n+1) முழுவதற்கும் பொதுக்காரணி:

3S = n(n+1)[(n+2) − 3/2] = n(n+1)(2n+1)/2

S = n(n+1)(2n+1)/6

மகளின் கேள்விக்கு விடை இந்தக் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. ஆறு என்ற எண் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. அதிலுள்ள 3, கனத்தை விரிக்கும்போது k²-க்கு முன்னால் வந்த 3. அதிலுள்ள 2, முதல் n எண்களின் கூடுதலான n(n+1)/2 கொண்டுவந்த 2. பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கும் 2n+1-ம் அந்த இரண்டின் உபயம்தான்: (n+2)-இலிருந்து ஒன்றரையைக் கழித்தால் n + ½, அதன் இரு மடங்கு 2n+1.

வர்க்கத்துக்கு ஏன் கனம் என்று கேட்டிருந்தீர்கள். (k+1)² − k² என்று தொடங்கிப் பாருங்கள். k² அடிபட்டுப்போய் 2k + 1 மட்டும் எஞ்சும். அதைக் கூட்டினால் 1 + 2 + … + n கிடைக்கும், வர்க்கங்கள் கிடைக்காது. அடுத்தடுத்த அடுக்குகளைக் கழிக்கும்போது உச்சியில் இருப்பது எப்போதும் மறைந்து, அதற்கு ஒரு படி கீழே இருப்பது மேலே வரும். k² நம் கையில் எஞ்ச வேண்டுமானால் k³-இலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தச் சூத்திரம் நம் நாட்டில் மிகப் பழையது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில், உறுப்புகளின் எண்ணிக்கை, அதோடு ஒன்று, அந்த இரண்டின் கூடுதல் ஆகிய மூன்றையும் பெருக்கி ஆறில் ஒரு பங்கு எடுக்கச் சொல்கிறார் ஆரியபட்டர். n, n+1, 2n+1 என்ற அதே மூன்று காரணிகள். அவர் இதை வர்க்கங்களை அடுக்கிய குவியலின் கன அளவு என்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கேரளத்தின் நீலகண்ட சோமயாஜி அந்நூலுக்கு எழுதிய உரையில், அப்படிப்பட்ட ஆறு குவியல்களைப் பொருத்தினால் n, n+1, 2n+1 ஆகிய பக்கங்களைக் கொண்ட ஒரு பெட்டி உருவாகும் என்று வடிவியலாகவே விளக்கினார். n = 2 என்றால் ஒரு குவியலில் 5 கட்டைகள், ஆறு குவியல்களில் 30. பெட்டியின் அளவு 2 × 3 × 5. இயற்கணிதம் 3-ஆகவும் 2-ஆகவும் பிரித்துத் தந்த ஆறு, இங்கே ஆறு முழுக் குவியல்களாகக் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு இந்த நிரூபணத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு.

இனி சரிபார்ப்பு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பள்ளியில் இதற்கு நேரம் கொடுப்பதே இல்லை.

n = 1: 1·2·3/6 = 1
n = 2: 2·3·5/6 = 5
n = 3: 3·4·7/6 = 14
n = 4: 4·5·9/6 = 30

எல்லாம் பொருந்துகின்றன. ஆனால் பொருந்துவது எதைக் காட்டுகிறது? n(3n−1)/2 என்ற கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். n = 0-க்கு 0, 1-க்கு 1, 2-க்கு 5. மூன்று இடங்களில் அச்சுப் பிசகாமல் நம் கூடுதலோடு ஒத்துப்போகிறது. n = 3-இல் 14-க்குப் பதிலாக 12 வந்து கைவிடுகிறது. உங்கள் வாய்ப்பாட்டிலும் இதுபோன்ற ஒரு பொறி இருக்கிறது. சரியான விடையைவிட அது எப்போதும் (n−1)/3 அளவு கூடுதலாகத் தரும். n = 2-இல் பின்னம் வந்ததால் உடனே சந்தேகப்பட்டீர்கள். n = 4 போட்டிருந்தால் 31 என்று முழு எண் வந்திருக்கும். கையால் கூட்டிப் பார்க்காதவர் "முழு எண்தானே, சரியாகத்தான் இருக்கும்" என்று போயிருப்பார். ஆகவே விடை முழு எண்ணாக இருப்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரடியாகக் கூட்டி வந்த எண்ணோடு ஒப்பிடுவதே சோதனை.

சின்ன எண்களைச் சோதிப்பது ஒரு சூழலில் முழு நிரூபணமாகவே ஆகிவிடும். விடை n-இல் முப்படிப் பல்லுறுப்புக்கோவை என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இங்கே அது தெரியும். நாம் கூட்டிய வரியில் n³-க்கு மேற்பட்ட அடுக்கு எதுவும் இல்லை. இரண்டு முப்படிக் கோவைகள் நான்கு வெவ்வேறு இடங்களில் ஒத்துப்போனால், அவற்றின் வித்தியாசத்துக்கு நான்கு மூலங்கள் இருக்க வேண்டும். முப்படிக் கோவைக்கு மூன்றுக்கு மேல் மூலங்கள் கிடையாது, அதனால் வித்தியாசம் பூச்சியமே. மேலே உள்ள நான்கு வரிகள் அப்படித்தான் கதையை முடிக்கின்றன. முப்படி என்று தெரியாமல் வெறுமனே ஊகித்த சூத்திரம் என்றால், நூறு எண்களைப் போட்டுப் பார்த்தாலும் நிரூபித்ததாகாது.

அப்படி ஊகித்த சூத்திரத்துக்கும் பயன்படும் சோதனை ஒன்று உண்டு. n வரை உள்ள கூடுதலிலிருந்து n−1 வரை உள்ள கூடுதலைக் கழித்தால் n² மட்டும் மிஞ்ச வேண்டும். நம் சூத்திரத்தில் போட்டுப் பார்ப்போம்:

n(n+1)(2n+1)/6 − (n−1)n(2n−1)/6
= (n/6)[(2n² + 3n + 1) − (2n² − 3n + 1)]
= (n/6)(6n) = n²

n = 1-இல் விடை சரி, ஒவ்வொரு படியிலும் சேரும் அளவும் சரி. இந்த இரண்டும் சேர்ந்தால் எல்லா n-க்கும் சரி. இதைத்தான் மேல்வகுப்பில் கணிதத் தொகுத்தறிதல் என்று படிப்பாள். உங்கள் பழைய வாய்ப்பாட்டிலும் இதே கழித்தலைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். n² + 1/3 என்று வரும். முதல் படியில் சரியாக நின்ற கணக்கில், அதன்பின் ஒவ்வொரு படியிலும் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது.