பெரிய எஞ்சின் மாட்டினால் கார் ஏன் திரும்ப மறுக்கிறது?

“ஃபோர்ஸா ஹொரைசன் கார் கேமில் மியாட்டா என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் மாட்டினேன். வளைவில் நேரா போகுதே, ஏன்?”

எஞ்சின் ஸ்வாப் என்றால் வேறொரு காரின் எஞ்சினைப் பொருத்துவது. மியாட்டாவின் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி. கனமான எஞ்சின் ஏறியதும் முன்பக்கச் சதவீதம் கூடும். அவ்வளவு எடையைத் திருப்ப முன் டயரின் பிடிப்பு போதாது. சைக்கிள் ஹேண்டில்பாரில் அரிசிப் பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பாருங்கள், புரியும். நிஜக் காரிலும் இதேதான்.

அப்புறம் கியர். முதல் கியரில் பின் சக்கரம் புகையோடு வெறுமனே சுழன்றால், பழைய சின்ன எஞ்சினுக்கான கியர் விகிதமே இன்னும் இருக்கிறது. எல்லா கியருக்கும் பொதுவான கடைசி விகிதமான ஃபைனல் டிரைவ் 4.10 என்றிருந்தால் 3.30-க்கு இறக்குங்கள், சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

இந்த எண்ணைக் குறைத்தால் எஞ்சினின் சக்தியே குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சக்தி அப்படியேதான் இருக்கும்.