சூரிய உதய அட்டவணையிலிருந்து அலாரப் பட்டியல்

கேள்வி: என்னிடம் ஒரு மாதத்துக்கான சூரிய உதய, அஸ்தமன அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. உதயமாகும்போது நடக்க ஆரம்பிக்க வேண்டும். எழுந்து கிளம்ப எனக்கு 40 நிமிடம் ஆகும். தினமும் எத்தனை மணிக்கு அலாரம் என்று பட்டியல் எடுப்பது எப்படி?

பதில்: முதலில் படத்தை வெட்டுங்கள். உதய நேரம் உள்ள நெடுவரிசை மட்டும் இருந்தால் போதும். முழு அட்டவணையையும் கொடுத்தால், படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதி சில சமயம் எல்லாத் தேதிகளையும் முதலில் தரும், பிறகு எல்லா உதயங்களையும் தரும். சில சமயம் உதயமும் அஸ்தமனமும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வரும். தேதியைப் படத்திலிருந்து எடுக்கவே வேண்டாம். ஷீட்டில் முதல் தேதியைத் தட்டி, கீழே இழுத்தால் மீதி தானாக நிரம்பும்.

எடுத்த எழுத்தை ஷீட்டில் ஒட்டும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மாதத்துக்கு 31 நாள் என்றால் 31 வரி இருக்க வேண்டும். ஒரு வரி விடுபட்டால் அதன்பின் வரும் எல்லா நேரமும் ஒரு நாள் தள்ளிப்போகும், ஆனால் பார்வைக்கு எதுவும் தப்பாகத் தெரியாது. அடுத்து, 6:28 என்பது 6.28 என்று புள்ளியோடு வந்திருந்தால் புள்ளியை முக்காற்புள்ளியாக மாற்றிவிடுங்கள். புள்ளியோடு ஒட்டினால் ஷீட் அதைச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொள்ளும்.

சரி, A நெடுவரிசையில் தேதி, B-யில் உதயம், இரண்டாம் வரியிலிருந்து தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அலாரத்துக்குப் போகும் முன் C3-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=ROUND((B3-B2)*1440,0)
```

நேற்றைக்கும் இன்றைக்கும் உதயம் எத்தனை நிமிடம் நகர்ந்தது என்று இது சொல்லும் (ஒரு நாளுக்கு 1440 நிமிடம்). விடை எண்ணாக வர, C நெடுவரிசையின் வடிவத்தை எண் என்று வையுங்கள். எழுத்துப் பிழையைப் பிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது, ஏனென்றால் உதய நேரம் திடீரென்று துள்ளாது. துருவங்களையும் அவற்றை நெருங்கிய பகுதிகளையும் விட்டுவிட்டால், ஒரு நாளில் ஓரிரு நிமிடம்தான் மாறும்.

ஒரு மாதத்தின் முதல் நாட்கள் 6:28, 6:26, 6:25, 6:28, 6:22, 6:20, 6:19 என்று வந்திருக்கின்றன என்று வையுங்கள். C-யில் -2, -1, 3, -6, -2, -1 என்று வரும். உதயம் முன்னால் வந்துகொண்டிருக்கும் மாதத்தில் நடுவே ஒரு 3, உடனே ஒரு -6. ஒரு துள்ளலும் அதற்கு எதிர்த்திசையில் இன்னொன்றும் அடுத்தடுத்து வந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம் தப்பாகப் படிக்கப்பட்டிருக்கிறது. இங்கே அது நான்காம் தேதி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 6:23 இருக்கும். 3 என்பது 8 ஆகிவிட்டது. 1, 7 ஆவதும் இப்படித்தான். ஒரு நிமிடப் பிழை இதில் தப்பிவிடும்தான், ஆனால் நடைக்கு அது பொருட்டில்லை.

ஏறத்தாழ 60 நிமிடம் ஒரே ஒரு முறை துள்ளி, திரும்பி வராமலே இருந்தால் அது பிழை இல்லை. கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அந்த நாள் வந்திருக்கிறது. போன் கடிகாரமும் தானாக மாறும் என்பதால் அட்டவணையில் உள்ளதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

C முழுவதும் #VALUE! என்று வந்தால், ஷீட் அந்த நேரங்களை வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்பதே அதற்கு அடையாளம். முன்னாலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் இடைவெளியை நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது அலாரம். D2-இல்:

```
=FLOOR(ROUND(B2*1440,0)-40,5)/1440
```

D-யின் வடிவத்தை நேரம் என்று மாற்றுங்கள். 40 நிமிடத்தைக் கழித்து, 5 நிமிடப் படிக்குக் கீழே இறக்குகிறது. அதனால் அலாரம் சில நிமிடம் முந்துமே தவிர, பிந்தாது. உள்ளே இருக்கும் ROUND-ஐ வேண்டாததென்று எடுத்துவிடாதீர்கள். ஷீட் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்திருப்பதால், சரியாக 5:45 வர வேண்டிய இடத்தில் மயிரிழை குறைந்து 5:40-க்கு இறங்கிவிட வாய்ப்புண்டு.

நான்காம் தேதியை 6:23 என்று திருத்திய பின், மேலே உள்ள நாட்களுக்கு விடை இது: முதல் மூன்று நாளும் 5:45, அடுத்த மூன்று நாளும் 5:40, ஏழாம் தேதி 5:35. அதாவது தினமும் போனைத் தொட வேண்டியதில்லை, நேரம் மாறும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் மாற்றினால் போதும். அதுவும் தொல்லை என்றால் வாரத்துக்கு ஒரு நேரம் வையுங்கள். பல போன்களில் தொடர் அலாரம் கிழமைப்படிதான் திரும்பும் என்பதால், இது அதற்கும் ஒத்துவரும். அந்த ஏழு D செல்களில் மிகக் குறைந்ததை எடுங்கள்:

```
=MIN(D2:D8)
```

இந்த வாரத்துக்கு 5:35. முதல் தேதியில் 13 நிமிடம் முன்னதாக எழ வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஷீட்டை அழித்துவிடாதீர்கள். அதே ஊருக்கு அடுத்த வருடம் அதே தேதியில் உதயம் ஓரிரு நிமிடம்தான் வேறுபடும். கடிகாரம் மாற்றும் நாள் இருந்தால் அதை மட்டும் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.