வீட்டு மீட்டரா, லேபா?

"வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை வீட்டு மீட்டரில் 128, உடனே லேபில் கொடுத்ததில் 109. ரிப்போர்ட்டில் ஹெக்சோகைனேஸ் முறை என்று இருக்கிறது. எதை நம்புவது?"

லேபின் முறையை நம்பலாம், சாம்பிளை விசாரியுங்கள்.

ஹெக்சோகைனேஸ் நொதி, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துக் குளுக்கோஸில் ஒட்டி, குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக்குகிறது. அது ஃபிரக்டோஸையும் விடாது. ஆனால் அடுத்து வரும் ஜி6பிடி நொதி குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை மட்டுமே ஏற்கும். அப்போது ஒரு குளுக்கோஸுக்கு ஒரு என்ஏடிபிஎச் மூலக்கூறு உருவாகும். 340 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைத்தான் கருவி அளக்கிறது. நிறமாற்றத்தை வைத்து அளக்கும் பெராக்சிடேஸ் முறையில் சர்க்கரையைக் குறைத்துக் காட்டச் செய்யும் வைட்டமின் சி, யூரிக் அமிலம் இதை அவ்வளவாகக் குழப்புவதில்லை. ஒப்பீட்டு முறையாக இது நிற்பது இதனால்தான்.

ஆனால் பிரிக்காத ரத்தத்தில் செல்கள் மணிக்கு 5-7% சர்க்கரையைத் தின்றுவிடும். மூன்று மணி நேரம் கிடந்தால் 128 ஏறக்குறைய 109 ஆகிவிடும்! இதைத் தடுக்க மருந்து சேர்த்த ஃபுளூரைடு குழாயிலும் முதல் ஓரிரு மணி நேரம் இந்த இழப்பு நிற்காது. எத்தனை மணிக்குப் பிளாஸ்மாவைப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். அரை மணிக்குள் பிரித்திருந்தால் 109தான் சரி, மீட்டர்தான் கூட்டிக் காட்டுகிறது.