ஒரு பிரிவை முன்கூட்டியே முடித்துவிட்டால் மீதி நிமிடங்கள் என்னவாகும்?

மதிப்பிற்குரிய ஐயா,

ஐபிபிஎஸ் கிளார்க் முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகிவரும் தங்கள் மகள், மாதிரித் தேர்வுகளில் ஆங்கிலப் பிரிவைப் பதின்மூன்று நிமிடங்களில் முடித்துவிடுகிறார் என்றும், ஆனால் கணிதத்தில் அவருக்கு நேரம் போதுவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்தில் மிச்சமாகும் ஏழு நிமிடங்கள் கணிதத்துக்குப் பயன்படும் என்று நம்பி, அவரை இன்னும் வேகமாகச் செய்யும்படி வற்புறுத்தி வருவதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். இந்தத் தேர்வில் அந்த ஏழு நிமிடங்கள் கணிதத்துக்குப் போகமாட்டா என்பதை முதலில் தெரிவித்துவிடுகிறேன்.

இத்தேர்வில் ஆங்கிலத்தில் 30, கணிதத் திறனில் 35, பகுத்தறியும் திறனில் 35 என மொத்தம் 100 வினாக்கள் உள்ளன. இவற்றுக்குரிய 60 நிமிடங்களும் பிரிவுக்கு 20 நிமிடமாகத் தனித்தனியே பகுக்கப்பட்டுள்ளன. ஒரு பிரிவின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிரிவின் வினாக்களுக்குள் முன்னும் பின்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். ஆனால் 20 நிமிடங்கள் முடியும்வரை அடுத்த பிரிவு திறக்காது; முடிந்த நொடியில் அது தானாகத் திறக்கும், பழைய பிரிவு மூடிக்கொள்ளும், பிறகு அதற்குத் திரும்ப வழியில்லை. ஆகவே பதின்மூன்றாவது நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்ட மாணவிக்குக் கிடைப்பது, அதே ஆங்கில வினாக்களுக்கு முன் மேலும் ஏழு நிமிடங்கள் மட்டுமே. ஐஐஎம்களுக்கான கேட் தேர்விலும் ஏற்பாடு இதுவே: மூன்று பிரிவுகளுக்கும் தலா 40 நிமிடங்கள், அவற்றின் வரிசையும் மாறாது, 120 நிமிடங்கள் முடிவதற்கு முன் தேர்வை ஒப்படைத்துவிட்டு எழவும் முடியாது.

குழப்பம் எழுவதற்குக் காரணம், எல்லாக் கணினித் தேர்வுகளும் இப்படி இல்லை என்பதுதான். ஜேஇஇ மெயின் தேர்வில் பாடங்கள் திரையில் தனித்தனிப் பிரிவுகளாகத் தெரிந்தாலும் மூன்று மணி நேரமும் ஒரே கடிகாரம்தான். இயற்பியலில் மிச்சப்படுத்திய நேரம் அங்கே உண்மையிலேயே கணிதத்துக்குப் போகும். வெளிநாட்டுப் படிப்புக்கான ஜிமேட், ஜிஆர்இ ஆகியவை மூன்றாவது வகை. அவற்றில் ஒரு பிரிவை முன்கூட்டியே முடித்து அடுத்ததற்குச் செல்லலாம், ஆனால் விட்டுச்சென்ற நிமிடங்கள் அத்துடன் போயின. அடுத்த பிரிவில் அவை சேர்வதில்லை. தங்கள் மகள் பயன்படுத்தும் மாதிரித் தேர்வுச் செயலி ஒரு பிரிவை ஒப்படைத்தவுடன் அடுத்ததைத் திறந்துவிடுகிறது என்கிறீர்கள். அது கிளார்க் தேர்வின் நடைமுறையன்று. அதில் பழகுவதால், மீந்த நேரத்தில் விடைகளைச் சரிபார்க்கும் பழக்கமே அவருக்கு வராமல் போகிறது.

அந்த ஏழு நிமிடங்களின் மதிப்பை ஒரு கணக்கில் பார்க்கலாம். அவர் 30 வினாக்களில் 24-க்கு விடையளித்து, அவற்றுள் 19 சரி, 5 தவறு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் குறையும் என்பதால் அவருக்குக் கிடைப்பது 17.75. இப்போது மீந்த நேரத்தில் ஐயத்துடன் விடையளித்தவற்றை மீண்டும் பார்த்து இரண்டு தவறுகளைத் திருத்தினால் 21 சரி, 3 தவறு என்று மாறி மதிப்பெண் 20.25 ஆகிறது. விட்டுவைத்த ஆறு வினாக்களில் இரண்டுக்கு நிதானமாக யோசித்துச் சரியான விடை கண்டால் 22.25. வேகத்தைச் சிறிதும் கூட்டாமலே நாலரை மதிப்பெண் ஏறியிருக்கிறது. ஐபிபிஎஸ் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியே தகுதி மதிப்பெண் பெற்றாக வேண்டும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள்.

மீதி நான்கு வினாக்களையும் ஊகித்து நிரப்பலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், ஐந்து முறைக்கு ஒருமுறை ஒரு மதிப்பெண் கிடைக்கும், நான்கு முறை கால் மதிப்பெண் வீதம் ஒன்று போய்விடும். சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையையாவது நிச்சயமாகத் தவறு என்று நீக்க முடிந்தால் மட்டும் ஊகம் பயன்தரும். அப்படி நீக்குவதற்குத் தேவையான அவகாசம்தான் இந்த மீதி நேரம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

மீந்த நேரத்தை எதில் தொடங்கிச் செலவிடுவது என்பதைத் திரையின் ஓரத்திலுள்ள வினா எண் கட்டமே காட்டிவிடும். முதல் சுற்றிலேயே ஐயமுள்ளவற்றுக்கு விடையைத் தேர்ந்து, `Mark for Review & Next` என்ற பொத்தானை அழுத்தி அடையாளமிட்டுச் சென்றிருந்தால், திரும்பி வரும்போது தேட வேண்டியதில்லை. இவ்வாறு விடையுடன் அடையாளமிட்ட வினாவும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளப்படும். ஆகவே நேரம் முடிந்துவிட்டால் அந்த விடை வீணாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். வீணாவது வேறொன்று. விடையைத் தேர்ந்துவிட்டு `Save & Next` பொத்தானை அழுத்தாமல், கட்டத்திலுள்ள வேறொரு எண்ணை நேரடியாக அழுத்தித் தாவினால், தேர்ந்த விடை பதிவாகாமல் போகும். சரிபார்க்கும்போதுதான் இப்படித் தாவுவது அதிகம் என்பதால் இந்தப் பிழையும் அப்போதுதான் அதிகம் நேர்கிறது. கடைசி ஒரு நிமிடத்தைப் புதிய வினாவுக்குக் கொடுக்காமல், விடையளித்ததாக நினைக்கும் எண்கள் எல்லாம் கட்டத்தில் விடையளித்தவற்றுக்குரிய நிறத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கே வைத்துக்கொள்வது நல்லது.

உண்மையிலேயே பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை என்றால், தரப்பட்ட வெற்றுத்தாளில் அடுத்து வரும் கணிதத்துக்கு உதவும் வர்க்க எண்களையும், பின்னங்களுக்கு ஈடான சதவீதங்களையும் எழுதிவைத்துக்கொள்ளலாம். இரு பிரிவுகளுக்கு இடையே அந்த மாணவி கொண்டுசெல்லக்கூடியது அந்தத் தாள் ஒன்றுதான். வினாக்கள் தெரியாத நிலையில் இதனால் பெரிய லாபம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். சும்மா உட்கார்ந்து பதற்றப்படுவதற்கு இது மேல்.

கணிதத்தில் நேரம் போதாமையைக் கணிதத்துக்கு உள்ளேயேதான் தீர்க்க வேண்டும். 35 வினாக்களுக்கு 20 நிமிடம் என்றால் ஒன்றுக்குச் சுமார் 34 விநாடிதான் வருகிறது. எல்லாவற்றையும் செய்ய முயல்வதே தவறான திட்டம். சுருக்குதல், தோராயமாக்கல், எண் தொடர் போன்றவற்றை முதல் எட்டு, ஒன்பது நிமிடங்களில் முடித்துவிட்டு, அட்டவணை அல்லது வரைபடத் தொகுப்பைப் பன்னிரண்டாவது நிமிடத்துக்குள்ளாவது தொடங்கச் சொல்லுங்கள். பதினேழாவது நிமிடத்தில் அத்தகைய தொகுப்பைப் புதிதாகத் தொடங்கினால், தரவுகளைப் படித்து முடிப்பதற்குள் பிரிவு மூடிக்கொள்ளும். அந்த நிலையில் தனித்து நிற்கும் சிறு கணக்குகளைத் தேடுவதே உகந்தது.

செயலியை மாற்றுவதற்கு முன் ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். ஒரு மாதிரித் தேர்வைத் திறந்து, ஐந்தாவது நிமிடத்தில் அடுத்த பிரிவுக்குப் போக முயலுங்கள். அது அனுமதித்தால், அமைப்புகளில் பிரிவு நேரத்தைப் பூட்டும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், பூட்டும் வசதியுள்ள வேறொன்றில் முழுத் தேர்வுகளை எழுதச் செய்யுங்கள்.