பதில் போடாத ரோஸ்டர்களும் எங்கள் ஏற்காட்டுக் காபிக்கொட்டையும்

கேள்வி: புது ஆட்களிடம் வியாபாரம் கேட்டு மெயில் அனுப்புகிறேன், யாரும் பதில் போடுவதில்லை. தொல்லை என்று நினைத்துவிடாதபடி திரும்ப எப்படிக் கேட்பது? எத்தனை தடவை கேட்கலாம்?

முன்பின் தெரியாதவர் என்றால் முதல் மெயிலையும் சேர்த்து மூன்று தடவை. அவ்வளவுதான். ஒரு தடவையாவது பதில் போட்டவர் என்றால் கணக்கு வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏழு எட்டு தடவை அனுப்பச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இதற்குக் கீழேயே வந்து சொல்வார்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்பி சாஃப்ட்வேர் விற்கிறவர்களுக்கு அது சரிப்படலாம். நாலு பேர் எரிச்சலானால் அவர்களுக்கு ஒன்றும் குறையாது. நான் எங்கள் மாமனாரின் தோட்டத்துக் காபிக்கொட்டையை விற்கிறேன். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சின்னத் தோட்டம். நல்ல விலை கொடுத்து நேரடியாக வாங்கி, வறுத்து விற்கும் ரோஸ்டர்கள் சென்னை, கோவை, பெங்களூர் எல்லாம் சேர்த்தாலும் ஒரு நோட்டின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களுக்குள் பழக்கமும் உண்டு. நீங்களும் இப்படிச் சின்ன வட்டத்துக்குள் விற்கிறவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எண்ணிக்கையை விட முக்கியம், அவர்கள் ஏன் பதில் போடவில்லை என்பது. பெரும்பாலும் வேண்டாம் என்பதால் அல்ல. பதில் போட வேண்டுமென்றால் அவர்கள் ஏதாவது முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அதுதான் காரணம். 'எங்கள் காபியில் உங்களுக்கு விருப்பமா?' என்று கேட்டால் அவர் கையிருப்பைப் பார்க்க வேண்டும், விலை யோசிக்க வேண்டும், கூட்டாளியிடம் பேச வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று மூடி வைத்துவிடுவார். இதோடு காலமும் இருக்கிறது. இங்கே பழம் பறிப்பது நவம்பர் வாக்கில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். களத்தில் காய்ந்து, தோல் நீக்கி, தரம் பிரித்து வரும்போது எல்லாத் தோட்டத்துக்காரர்களும் ஒரே நேரத்தில் மாதிரி அனுப்புவார்கள். ரோஸ்டரின் மேசையில் பொட்டலங்கள் குவிந்திருக்கும். அந்த மாதத்து மௌனத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள்.

சென்னையில் ஒரு ரோஸ்டருக்கு நான் அனுப்பியதைச் சொல்கிறேன். முதல் மெயில் பிப்ரவரி நடுவில். தலைப்பிலேயே விஷயம் முழுவதும் இருந்தது: 'ஏற்காடு அராபிகா, S.795, வாஷ்டு, 600 கிலோ, மாதிரி அனுப்பலாமா?' உள்ளே ஐந்தாறு வரி, விலை, ஒரு போட்டோ. பதில் இல்லை.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது. புது மெயிலாக அனுப்பாமல் பழைய மெயிலுக்கே ரிப்ளை போட்டேன், மேலே தேட வேண்டியதில்லை அல்லவா. 'என் மெயிலைப் பார்த்தீர்களா?', 'நினைவூட்டுகிறேன்' போன்ற வரிகள் இதில் கூடாது. அவை அவரைக் குற்றவாளி ஆக்குகின்றன, புதிதாக எதுவும் தருவதில்லை. முதல் மெயில் போகும்போது கையில் இல்லாத ஒன்றை இதில் கொடுக்க வேண்டும். எனக்கு அது ஈரப்பதம். அளந்து பார்த்ததில் 11 சதவீதம் வந்திருந்தது. வாங்குகிறவர் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவார், அதிக ஈரம் என்றால் மூட்டையிலேயே பூசணம் பிடிக்கும். கேட்பதையும் சின்னதாக்கினேன்: 'முகவரி மட்டும் அனுப்புங்கள், 300 கிராம் என் செலவில் வரும். இப்போது நேரமில்லை என்றால் எந்த மாதம் கேட்கலாம் என்று ஒரு வார்த்தை போதும்.' அப்போதும் பதில் இல்லை.

மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. "ஏம்மா, பேசாதவன் வாசல்ல எதுக்கு நிக்கணும்?" என்பார். அவர் காலத்தில் வியாபாரி தோட்டத்துக்கே வந்து விலை சொல்லி எடுத்துக்கொண்டு போவார், அந்த விலை என்னவென்று அவரிடமே கேளுங்கள். இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. பணம் கொடுத்து வாங்குகிறவர்தான் பதில் போட மாட்டார். வீக்எண்டில் ஏற்காட்டுக்குச் சுற்றிப்பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே போன் போடுவார்கள், "தோட்டத்துத் தூள் ரெண்டு கிலோ எடுத்து வைம்மா, அப்படியே கொஞ்சம் மிளகும்" என்று. காசு என்ற பேச்சே வராது. சரி, அதை விடுங்கள்.

மூன்றாவதை மூன்று வாரம் இடைவெளி விட்டு அனுப்பினேன். அதற்குள் பாதி விற்றுப்போயிருந்தது. அதையே எழுதினேன்: 'மீதி ஆறு மூட்டை இருக்கிறது. வெள்ளிக்கிழமை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறேன். உங்களுக்கு ஒன்றிரண்டு ஒதுக்க வேண்டுமென்றால் அதற்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தப் பருவத்துக்கு உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன், அடுத்த அறுவடையில் எழுதுகிறேன்.' இதற்குத்தான் பதில் வந்தது: 'இந்த வருஷம் கொள்முதல் முடிந்துவிட்டது, அடுத்த ஜனவரியில் மாதிரி அனுப்புங்கள்.'

இது ஒரு வகையில் மிரட்டல்தானே என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை என்பது உண்மையாக இருந்தால் மிரட்டல் இல்லை. பொய்க்கெடு வைத்து, அடுத்த மாதமும் 'கடைசி ஆறு மூட்டை' என்று எழுதினால் அந்த ஆள் உங்களை மறக்க மாட்டார். 'இனி தொந்தரவு செய்ய மாட்டேன்' என்று எழுதிவிட்டால் அதே பருவத்தில் வாட்ஸப்பில் போய் நிற்கவும் கூடாது.

இப்போது அந்த வேறு கணக்கு. 'மாதிரி அனுப்புங்கள்' என்று ஒரு தடவை சொன்னவர் முன்பின் தெரியாதவர் இல்லை. அவரைப் போனிலும் கூப்பிடலாம், மூன்றோடு நிறுத்த வேண்டியதும் இல்லை. ஆனால் கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும். கூரியர் கொடுத்த மறுநாள் 'பார்சல் கிடைத்ததா?' என்று மட்டும். அதற்கு ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். பிறகு இரண்டு வாரம் பேச்சே வேண்டாம், ஏனென்றால் ரோஸ்டர்கள் ஒவ்வொரு பொட்டலமாக ருசி பார்க்க மாட்டார்கள், சேர்த்து வைத்து ஒரே நாளில் வறுத்து கப்பிங் செய்வார்கள். அதன் பிறகு 'எப்படி இருந்தது?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல் 'புளிப்பு தூக்கலாக இருந்ததா?' என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்பதையும் அவர் சங்கடமில்லாமல் சொல்ல அது வழி. அப்புறம் மாதம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

ஒருவர்கூடப் பதில் போடவில்லை என்றால் திரும்பக் கேட்பதையே நிறுத்திவிட்டு, மெயில் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். தெரிந்தவர் ஒருவரின் ஜிமெயிலுக்கு அதே மெயிலை அனுப்பி, ஸ்பாமில் விழுந்ததா என்று கேளுங்கள். அவர் அதில் Show original என்பதை அழுத்தினால், மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் SPF, DKIM, DMARC சோதனைகள் மூன்றுக்கும் பக்கத்தில் PASS என்று இருக்க வேண்டும். சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கிறவர்களுக்கு இங்கேதான் பெரும்பாலும் கோளாறு, டொமைன் அமைத்துக் கொடுத்தவரிடம் சொன்னால் சரிசெய்துவிடுவார். மெயில் திறக்கப்பட்டதா என்று காட்டும் கருவிகளை நம்ப வேண்டாம். மெயிலுக்குள் வைத்த ஒரு படம் இறங்கியதா என்பதை வைத்துத்தான் அவை சொல்கின்றன. 2021-லிருந்து ஆப்பிள் மெயில் ஆப், Mail Privacy Protection என்ற பாதுகாப்பு வசதி போட்டிருப்பவர்களுக்கு, அவர்கள் திறக்காவிட்டாலும் படங்களைத் தானே இறக்கிவிடுகிறது. 'மூன்று தடவை திறந்து பார்த்தீர்களே' என்று எழுதிவைத்தால் அவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்.