கடகம் ‘வீட்டுக்கு வா’ என்கிறதா?

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை. பிறந்தது காரைக்குடியில், 1982 ஆகஸ்ட் நடுவில், காலை 9.15 மணிக்கு. ஓர் இணையதளத்தில் மேற்கத்திய முறையில் ஜாதகம் கணித்துப் பார்த்தேன். வடகணு கடகத்தில், தென்கணு மகரத்தில் என்று வந்தது. ‘உழைப்பும் பதவியும் உங்கள் பழைய பழக்கம், வீடும் குடும்பமும்தான் இனிச் செல்லவேண்டிய திசை’ என்கிறது அதனுடன் வந்த குறிப்பு. எங்கள் குடும்ப ஜோசியரோ, ராகு மிதுனத்தில், பத்தாமிடத்தில் இருக்கிறான், வேலையை விடாதே என்கிறார். ஊரில் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு வந்துவிடலாமா? யார் சொல்வது சரி?

ச.

அன்புள்ள ச.,

முதலில் ராசிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வடகணுவும் ராகுவும் ஒரே புள்ளிதான். சூரியனின் பாதையைச் சந்திரன் வடக்கு நோக்கிக் கடக்கும் இடம் அது; நேர் எதிரே இருக்கும் தென்கணுதான் கேது. மேற்கத்தியர் மேஷத்தை, மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் இடத்திலிருந்து அளக்கிறார்கள். நம்மவர்கள் நட்சத்திரங்களை வைத்து அளக்கிறார்கள். இடைவெளியாகிய அயனாம்சம் நீங்கள் பிறந்தபோது 23½ பாகை. அங்கே கடகம் 11 பாகை என்பது இங்கே மிதுனம் 17 பாகை சொச்சம். ஜோசியரும் இணையதளமும் சண்டை போடவில்லை, வெவ்வேறு முழக்கோலால் அளந்திருக்கிறார்கள்.

பொருள் சொல்வதில்தான் உண்மையான வேறுபாடு. நமக்கு ராகு தீராத ஆசை, கேது ஞானகாரகன். மேற்கே வடகணு பழகாத, போகவேண்டிய திசை. தென்கணு கைக்கு எளிதாக வருவது, அதனாலேயே களைத்தால் போய் ஒளிந்துகொள்ளும் இடம். இதைப் பழங்காலத்து ஞானம் என்று நினைத்துவிடாதீர்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் லில்லி போன்றவர்கள் நாகத்தின் தலையாகிய வடகணு நல்லது, வாலாகிய தென்கணு கெட்டது என்பதோடு ஏறக்குறைய நிறுத்திக்கொண்டார்கள். வாழ்க்கைத் திசை என்கிற வாசிப்பு 20ஆம் நூற்றாண்டில் பரவியது.

உங்களுக்கு வந்த குறிப்பின் குறை, அது ராசியோடு நின்றுவிட்டது. கணு ஒரு ராசியில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு தங்கும். 1981 இறுதியிலிருந்து 1983 தொடக்கம்வரை பிறந்த அத்தனை பேருக்கும் வடகணு கடகம்தான். உங்கள் பள்ளி வகுப்பில் பாதிக்கு மேல் தேறும். அவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டுமா என்ன?

உங்களைத் தனியாகக் காட்டுவது பாவம், அதாவது லக்னத்திலிருந்து எண்ணும் இடம். 9.15 மணிக்கு, மேற்கத்தியக் கணக்கில் துலாம் லக்னம். கடகம் உங்களுக்குப் பத்தாமிடம், அதாவது தொழில்; மகரம் நான்காமிடம், அதாவது வீடு. நம் கணக்கிலும் கன்னி லக்னம், மிதுனம் பத்து. எல்லாம் சேர்ந்தே நகர்வதால் பாவம் மாறவில்லை. இப்போது பாருங்கள். தென்கணு நிற்பதே வீட்டில்! மகரத்தின் குணமான கணக்கு, கடமை, பொறுப்பு எல்லாம் வந்து உட்கார்ந்திருப்பது அந்த நான்காமிடத்தில். போகவேண்டிய திசை தொழில். ஆனால் கடகத்தின் கையால், அதாவது ஆட்களைப் பேணி வளர்க்கிற விதத்தில் செய்யும் தொழில். குறிப்பு சொன்னதற்கு நேர் எதிரான வாசிப்பு இது.

நமக்கு இது புரியாத விஷயமல்ல. கொண்டு விற்கப் போனவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டியதைக் கொண்டுவந்து கட்டியவை நம் செட்டிநாட்டு வீடுகள். எங்கள் வீட்டிலும் அப்பச்சி காலத்து மராமத்து நோட்டு இருக்கிறது. எந்தப் பங்காளி ஓடு மாற்றக் கொடுத்தார், எவர் கொடுக்கவில்லை என்று வரிவரியாக. ஊருக்குப் போனால் முகப்பில் உட்கார்ந்து நானும் அதைத்தான் புரட்டுகிறேன். வீடு என்று நினைத்துக்கொண்டு கணக்குக்குப் போய்விடுகிறோம்.

ஓர் எச்சரிக்கை. 9.15 என்பது யார் பார்த்த கடிகாரம்? மேற்கே பலரும் பயன்படுத்தும் பிளாசிடஸ் பாவ முறையில், ஏறக்குறைய ஒன்பதரையைத் தாண்டிவிட்டால் உங்கள் வடகணு ஒன்பதாமிடத்துக்குப் போய்விடும்; அப்போது பேச்சு தொழிலைவிட்டுக் கல்வி, தூரதேசம் என்று திரும்பும். ஆத்தாவின் நினைவை மட்டும் நம்பாமல் பழைய ஜாதக நோட்டைப் பாருங்கள். இந்த எதிர் வாசிப்பும் உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தோன்றினால் அதையும் சந்தேகியுங்கள். நல்ல வாக்கியம் எவருக்கும் பொருந்திவிடும். கணுக்கள் வாழ்க்கையை நடத்துகின்றன என்பதற்கு நான் சான்று எதுவும் கண்டதில்லை. கேள்வியைக் கூராக்கிக்கொள்ளத்தான் இதைப் பயன்படுத்துகிறேன். ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு இது போதாது.

வீட்டில் முன்னோருக்குச் செய்யும் அடுத்த படைப்புக்கு வரும்போது நாலு நாள் கூடுதலாகத் தங்குங்கள். மராமத்து, பங்கு, பாக்கி எதையும் எவரிடமும் பேசாதீர்கள். இரண்டாம் நாளே கை நோட்டைத் தேடுகிறதா, வளவில் சும்மா உட்கார முடிகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.